இரவு வேலைக்குப் போகிறீர்களா? மெசேஜ் வராவிட்டால் என்ன செய்வது என்று முதலில் எழுதி வையுங்கள்

"போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் பண்ணு." இரவு ஷிஃப்ட்டுக்கோ ஃபீல்டுக்கோ போகிறவர்களை எல்லா வீட்டிலும் இப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்த மெசேஜ் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசிக்கொள்வதில்லை.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் இரவு, கடைசி வீட்டை முடித்துவிட்டுத் திரும்பும்போது சிக்னலே இல்லாத சாலையில் வண்டி பஞ்சர் ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டே வந்து வீடு சேர இரண்டு மணி நேரம் தாமதம். பதறிப்போயிருப்பாளே என்று அக்காவைக் கூப்பிட்டேன். "நீ வந்து தூங்கியிருப்பேன்னு நினைச்சேன்டி" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. எத்தனை மணிக்கு மேல் கவலைப்பட வேண்டும், கவலைப்பட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லி வைத்ததில்லை.

மறுநாளே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்

பத்துப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "கிளம்பிட்டேன்" என்று போட்டால், நீங்கள் வந்து சேர்ந்தீர்களா என்று பார்ப்பது யார் வேலை? வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். அதனால் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "இன்னிக்கு பதினொன்றரை வரைக்கும் முழிச்சிருப்பியா?" என்று நேராகக் கேளுங்கள். முடியாது என்றால் அன்றைக்கு வேறொருவர். அலுவலகத்தில் இரவுப் பணியில் இருக்கும் சூப்பர்வைசர் இதற்குச் சம்மதித்தால் இன்னும் நல்லது, அவர் எப்படியும் விழித்திருப்பார்.

படி 2: பயணச் சீட்டு அனுப்புங்கள்

கிளம்பும் முன் அனுப்பும் ஒரு மெசேஜைத்தான் நாங்கள் சீட்டு என்கிறோம். என்னுடைய ஒரு சீட்டு இப்படி இருக்கும்:

*"8:10க்கு கிளம்பறேன். 9:00 நோயாளி வீடு (முகவரி, அவர் மகனின் நம்பர் கீழே). 9:45க்கு அங்கிருந்து புறப்பாடு. 10:35 வீடு. என் வண்டிதான், பாலத்து வழி. கெடு 10:55."*

யாரைப் பார்க்கப் போகிறோமோ அவருடைய நம்பரை முன்கூட்டியே ஒருமுறை கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். 1986 ஜூலை 28 அன்று லண்டனில் வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போய்த் திரும்பவே இல்லை. அவருடைய டைரியில் நேரம் இருந்தது, தெரு இருந்தது, "மிஸ்டர் கிப்பர்" என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரில் வந்தவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. சரிபார்க்காத பெயர் தேடுகிறவர்களுக்கு உதவாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

வாடகைக் காரில் போனால் வண்டி எண்ணையும் சீட்டில் சேர்த்துவிடுங்கள். ஏறும் முன் உங்கள் பெயரை நீங்களே சொல்லாமல் "யாருக்காக வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். டிரைவர்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

படி 3: கெடு நேரம் வையுங்கள்

மேலே 10:35க்கு வீடு, கெடு 10:55 என்று போட்டிருக்கிறேன். நடுவில் இருக்கும் 20 நிமிடம், ரயில்வே கேட், பெட்ரோல் பங்க் போன்ற சாதாரணத் தாமதங்களுக்கு. இதை ஐந்து நிமிடமாகக் குறைத்தால் வாரத்துக்கு இரண்டு முறை வீண் பதற்றம் வரும். மூன்றாவது வாரம் அக்கா உண்மையான ஆபத்தையும் "வழக்கமான லேட்டுதான்" என்று விட்டுவிடுவாள். ஒரு மணி நேரமாக நீட்டினால் உதவி கிடைப்பது அவ்வளவு தள்ளிப்போகும். 50 நிமிடப் பயணத்துக்கு 20 நிமிடம் என்பது எங்களுக்குச் சரியாக அமைந்தது. உங்கள் பாதைக்கு எவ்வளவு என்பதை ஒரு வாரம் போய் வந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு போனிலும் கெடு நேரத்துக்கு அலாரம் வைக்க வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால், கெடுவுக்கு முன்பே புதிய கெடுவை அனுப்பிவிட வேண்டும்.

நீங்களே வண்டி ஓட்டினால் தூக்கத்துக்கும் இதே விதிதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ஓரளவு மது அருந்தியவரின் கவனத்தைப் போல மந்தமாகிவிடும். கண் சொக்கினால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள், ஆனால் "கெடு 11:30" என்று அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

படி 4: கெடு தாண்டினால் அக்கா என்ன செய்வாள்?

இந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

10:55 ஆனதும் எனக்கு அழைப்பு, கூடவே சாதாரண எஸ்எம்எஸ். டேட்டா இல்லாத இடத்திலும் எஸ்எம்எஸ் வந்து சேர வாய்ப்பு உண்டு. 11:05க்கு மறுபடி எனக்கு, பிறகு நோயாளியின் மகனுக்கு: "எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க? எந்தப் பக்கம் போனாங்க?" 11:15க்கு என் சூப்பர்வைசருக்கு. 11:25 வரை தகவல் இல்லை என்றால் போலீஸ்.

நடுவில் லைவ் லொகேஷனையும் அவள் பார்ப்பாள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும், 8 மணி நேரத்தைப் போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டேட்டா போய்விட்டால் புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

புள்ளி என் பாதையை விட்டு விலகி நகர்ந்துகொண்டிருந்தால் படி வரிசை வேண்டாம், நேராகப் போலீஸ்தான். அழைத்ததும் முதல் வாக்கியத்தில் இடத்தைச் சொல்ல வேண்டும். கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அக்கா வேறு ஊரில் இருந்தால் அவசர எண் அவள் இருக்கும் பகுதிக்கான கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் நான் போகும் பகுதியின் காவல் நிலைய நேரடி நம்பரையும் சீட்டில் எழுதுகிறேன்.

படி 5: பேச முடியாதபோது

பக்கத்தில் ஆள் இருக்கிறான், வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு சங்கேத வாக்கியம் வேண்டும். யார் கேட்டாலும் சாதாரணமாகத் தெரிய வேண்டும், ஆனால் நீங்கள் தினமும் பேசுவதாக இருக்கக் கூடாது. "நீல ஃபைலை மேசையில வெச்சுட்டேனா பாரு" என்பது போல. இதைக் கேட்டதும் அக்கா "ஆமா, இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போலீஸை அழைப்பாள். "என்ன ஃபைல்?" என்று கேட்கவே கூடாது. இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம், முதல் தடவை கேட்டுவிட்டாள்!

போனிலேயே அவசர அழைப்பு வசதியும் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை 5 முறை வேகமாக அழுத்த வேண்டும். புதிய ஐபோன்களில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அமைப்புகளில் போய் அது இயங்குகிறதா, யாருக்குத் தகவல் போகும் என்று இன்றே பார்த்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். எந்த நெட்வொர்க்கும் இல்லாத இடத்தில் போகாது. அதனால்தான் சிக்னல் இல்லாத நீளம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால், அதற்குள் நுழையும் முன் ஒரு மெசேஜ் அனுப்பிவிடுவேன்.

படி 6: பயணத்தை மூடுங்கள்

தெருமுனையில் நின்றுகொண்டு "வந்துட்டேன்" என்று அனுப்பாதீர்கள். உள்ளே போய், கதவைத் தாழிட்ட பிறகு அனுப்புங்கள். அக்கா "சரி, மூடியாச்சு" என்று பதில் போட்டு அலாரத்தை அணைப்பாள், நான் லைவ் லொகேஷனை நிறுத்துவேன். அவளுடைய பதில் வரவில்லை என்றால் நானே கூப்பிடுவேன். இல்லாவிட்டால் என் மெசேஜைப் பார்க்காமல் 10:55க்கு அவள் எல்லோரையும் எழுப்பத் தொடங்கிவிடுவாள்.