வெளிநாட்டு டிவிடி ஓடவில்லையா? வட்டைத் துடைப்பதில் பயனில்லை

அமெரிக்காவில் வாங்கிய டிவிடியைச் சென்னை வீட்டு பிளேயரில் போட்டதும், மண்டலம் பொருந்தவில்லை என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. பலரும் வட்டில் கீறல் இருப்பதாக நினைத்துத் துடைக்கத் தொடங்குகிறார்கள். கீறல் விழுந்த வட்டு பெரும்பாலும் சிறிது நேரம் ஓடிய பிறகே திக்கும். மண்டலத் தடையோ முதல் காட்சிக்கும் முன்பே நிறுத்திவிடும்.

டிவிடி உலகம் 6 நிலப்பகுதி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. எந்தெந்த மண்டலங்களில் ஓடலாம் என்ற குறிப்பு வட்டிலும், தன் மண்டல எண் பிளேயரிலும் பதிந்திருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும். நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது பிளேயருக்குத் தெரியாது. ஆகவே அமெரிக்க வட்டு அமெரிக்க பிளேயரில் சென்னையிலும் ஓடும். '0' என்று குறிக்கப்பட்டிருந்தால், அது தனி மண்டலம் அன்று. எல்லா மண்டலங்களுக்கும் வட்டு திறந்திருக்கிறது என்று பொருள்.

டிவிடியின் எண்ணை வைத்து ப்ளூ-ரேயைக் கணிப்பது அடுத்த தவறு. டிவிடியில் ஐரோப்பாவோடு சேர்ந்திருந்த ஜப்பான், ப்ளூ-ரேயில் அமெரிக்காவோடு A மண்டலத்துக்குப் போய்விட்டது. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் B, இந்தியா C.

மிகுந்த இழப்பைத் தரும் தவறு கணினியில் நிகழ்கிறது. டிவிடி டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். ஒருவர் அமெரிக்கப் படத்துக்காக 1 என்றும், மறுநாள் உள்ளூர்ப் படத்துக்காக 5 என்றும் மாற்றிக்கொண்டே இருந்தால், மூன்றாம் அமெரிக்க வட்டோடு வாய்ப்பு தீர்ந்து, டிரைவ் 1-இலேயே நின்றுவிடும். அதன்பின் 5-ஆம் மண்டலத்துக்கு மட்டும் உரிய உள்ளூர் வட்டும் ஓட மறுக்கலாம். இந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிந்திருப்பதால், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் மாறாது. மாற்றும் முன் `Device Manager`-இல் டிரைவின் பண்புகளைத் திறந்து, `DVD Region` பகுதியில் எத்தனை வாய்ப்பு எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அடிக்கடி வெளிநாட்டு வட்டு பார்ப்பவர், அதற்கென்று இரண்டாவது டிரைவ் ஒன்றை வாங்கி 1-இலேயே விட்டுவிடுவதுதான் என் பார்வையில் மலிவான வழி.

மண்டலம் பொருந்திவிட்டால் போதும் என்பதும் தவறே. தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும்: அமெரிக்க வட்டுகள் என்டிஎஸ்சி என்ற முறையிலும், பிரிட்டன் வட்டுகள் பால் என்ற முறையிலும் பதிவானவை. இந்தியாவில் விற்கப்பட்ட பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். அமெரிக்க பிளேயர்கள் பலவும் பால் வட்டை ஏற்பதில்லை. எனவே அங்குள்ள உறவினருக்கு டிவிடி அனுப்புகிறவர், பின்னட்டையில் உலக உருண்டைக்குள் இருக்கும் எண்ணோடு, பக்கத்தில் என்டிஎஸ்சி என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.