வயலில் நிற்கும் தண்ணீர் புயலுக்கு ஏன் போதாது? ஒரு தட்டும் ஒரு வாளியும் வைத்துப் புரிந்துகொள்வோம்

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். விடிந்து பார்த்தால் எங்கள் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. சில நாள் கழித்து, விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "கடல் தண்ணியக் குடிச்சுத்தான் புயல் பலமாகுதுங்கிறாங்க. இங்க வயலெல்லாம் தண்ணியாத்தானே நின்னுச்சு? அப்புறம் ஏன் உள்ள போகப் போக அடங்கிப்போச்சு?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் புயல் எப்படி வலுப்பெறுகிறது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: தட்டும் வாளியும்

ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு வாளி, ஒரு மின்விசிறி, ஒரு வெப்பமானி எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அது உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பநிலையை மட்டுமே காட்டும். மீன்தொட்டிக்கு வாங்கும் வெப்பமானி போதும், விலையும் குறைவு.

முதல் நாள் இரவே பிடித்துவைத்த தண்ணீரை வாளி நிறைய ஊற்றுங்கள். அதே தண்ணீரைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். தட்டைத் தரையில் வைக்காமல் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் வையுங்கள். இல்லையென்றால் தரையின் சூடு ஏறி கணக்கைக் கெடுக்கும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மின்விசிறியை இரண்டின் மேலும் ஒரே மாதிரி படும்படி ஓடவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியைத் தட்டில் படுக்கவைத்து, முனை முழுக்க நீரில் மூழ்கும்படி அளந்து பாருங்கள். தட்டுத் தண்ணீர் சில டிகிரி குளிர்ந்திருக்கும். வாளியில் மாற்றம் தெரிவதே கடினம்.

வேறுபாடு தெரியவில்லையா? பெரும்பாலும் அன்று காற்று ஈரமாக இருந்திருக்கும். அடைமழை நாளில் செய்தால் நீர் அவ்வளவாக ஆவியாகாது. வெயில் உள்ள மதிய நேரத்தில் செய்யுங்கள்.

படி 2: குளிர்ந்தது ஏன்?

நீர் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். அதைத் தன்னோடு இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இதனால்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பம், ஏறக்குறைய 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிரவைக்கப் போதும்.

இப்படி எடுத்த வெப்பம் எங்கும் தொலைந்துபோவதில்லை. ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆவி மேலே ஏறி, குளிர்ந்து, மேகத்துளியாக மாறும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும். புயலின் எரிபொருள் இதுதான். கடல் நீரே மேலே போய்விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலே போவது ஆவி. அதோடு சேர்ந்து போவது கடலின் வெப்பம்.

படி 3: சுழற்சியைப் பின்தொடருங்கள்

துளியாகும்போது வெளிவரும் வெப்பம் மேலே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று எடை குறைந்தது. அதனால் கீழே கடல் மட்டத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து, நம் பக்கம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. காற்று வேகம் கூடினால் கடலிலிருந்து ஆவியாவதும் கூடும். உங்கள் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைத்தால் தட்டு இன்னும் சீக்கிரம் குளிர்வதுபோல. ஆவி கூடினால் வெப்பம் கூடும், அழுத்தம் இன்னும் குறையும், காற்று இன்னும் வேகமெடுக்கும்.

இந்தச் சக்கரம் நிற்காமல் சுற்ற, கடல் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். அதுவும் மேலே மட்டும் இருந்தால் போதாது, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை இருக்கவேண்டும். புயல் கடலைக் கலக்கும். மேல்தட்டு மட்டும் சூடாக இருந்தால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து அதுவே புயலை அணைத்துவிடும். மேலே வீசும் காற்று திசையும் வேகமும் மாறி வீசினாலும் மேகக்கூட்டம் சாய்ந்து சக்கரம் குலையும். சூடான கடல் இருந்தும் பல தாழ்வு மண்டலங்கள் புயலாகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: சித்தப்பாவின் வயலைக் கணக்குப் போடுவோம்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள வயல். அதில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. மொத்தம் 50 லிட்டர். இதில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு லிட்டர், ஆவியாகிறது என்று வையுங்கள். அந்த வெப்பம் முழுவதும் அதே நீரிலிருந்து போனால், 580-ஐ 50-ஆல் வகுக்க, தண்ணீர் 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும்.

அதே அளவு கடல்பரப்பு, 50 மீட்டர் ஆழம். 50,000 லிட்டர். அங்கேயும் ஒரு லிட்டர் ஆவியாகட்டும். குளிர்வது ஒரு டிகிரியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

புயல் காற்றில் கடலிலிருந்து ஒரே நாளில் பல மில்லிமீட்டர் ஆவியாகும். கடல் அதைத் தாங்கும். வயல் முதல் மில்லிமீட்டரிலேயே திணறும். உண்மையில் 11 டிகிரி குறையும்வரை போகாது. அடியிலிருக்கும் சேறு கொஞ்சம் சூடு கொடுக்கும். நீர் குளிரக் குளிர ஆவியாவதும் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவுதான் நமக்கு வேண்டிய விடை. வயல் தட்டு, கடல் வாளி. ஈரம் எவ்வளவு இருந்தாலும் வெப்ப இருப்பு இல்லை.

படி 5: கரையேறிய பிறகு

எரிபொருள் நின்றதும் புயல் உடனே படுத்துவிடாது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் காற்று மரம், வீடு, மேடு என்று எதிலாவது உரசி வேகம் இழக்கவேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் நகரும் புயல் மூன்று மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். கடற்கரையோரத்தோடு நிற்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகள் சாய்ந்தது இப்படித்தான். "கரையைக் கடந்துவிட்டது" என்று வானொலியில் சொன்னதும் வெளியே வந்துவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

அதன்பின் அறிக்கைகளில் பெயர் மாறுவதைக் கவனியுங்கள். தீவிரப் புயல், புயல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம் என்று இறங்கும். இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்துத் தருபவை. புயல் என்றால் மணிக்கு 62 கிலோமீட்டரிலிருந்து. மழைக்கும் இந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மேகத்தில் இருக்கும் நீர் கொட்டித் தீரவேண்டும். தளர்ந்த மண்டலம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வயல் மூழ்கும் அளவுக்குப் பெய்யும்.

கஜா அன்று பகலிலேயே இப்படிப் படிப்படியாக இறங்கி, மேற்கே கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. ஆறும் ஏரியும் வயலும் தர முடியாதது அங்கே கிடைத்தது. சூடான ஆழ்கடலின் மேல் போனதும் மறுபடி சற்றே திரண்டு, சில நாள் கழித்துத்தான் கலைந்தது.