சிவப்புக் கோடு இல்லாத கிளிப்பிங்: வெட்டுவதற்கு முன் நேரும் தவறுகள்

மைக்கை எட்டத்தில் வைப்பது போன்ற பதிவுநேரப் பிழைகளை விட்டுவிடுகிறேன். மூல ஒலிப்பதிவு கைக்கு வந்த பிறகு, அதை வெட்டித் தொகுக்கும் முன், புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் மட்டுமே இங்கே.

சிவப்புக் கோட்டை மட்டும் நம்புவது

ஒலி தாங்கும் வரம்பை மீறும்போது அலையின் உச்சி நறுக்கப்பட்டுச் சிதைவதே கிளிப்பிங். ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் `Show Clipping in Waveform` என்பதை இயக்கினால், உச்ச வரம்பான 0 டெசிபெலைத் தொட்ட இடங்களில் சிவப்புக் கோடு விழும். கோப்புக்கு வந்து சேரும் முன்பே ஒலி நசுங்கியிருந்தால் அது ஒன்றும் காட்டாது.

அண்மையில் பயிற்சிக்கு வந்த ஒருவர் பட்டிமன்றப் பதிவொன்றைத் தொகுத்தார். அரங்க மிக்ஸரில் பேச்சாளரின் மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் மிகுதியாகவும், மொத்த வெளியீட்டின் அளவை மாற்றும் மாஸ்டர் ஃபேடர் இறக்கியும் வைக்கப்பட்டிருந்தன. சேனலிலேயே சிதைந்த குரல், அளவு குறைந்து, −6 டெசிபெலைத் தாண்டாமல் பதிவாகியிருந்தது. கோடு எதுவும் இல்லாததால் அவர் முழுவதையும் வெட்டி முடித்துவிட்டார். ஹெட்ஃபோனில் கேட்டபோது குரல் உயர்ந்த இடமெல்லாம் கரகரத்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் கேமராவில் பதிவான ஒலியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அதற்குள் கேமராக்காரர் கார்டை அழித்துவிட்டிருந்தார். இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, ஏனெனில் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

மிக உரத்த இடத்தைத் தேர்ந்து, தனித்தனி சாம்பிள்கள் புள்ளிகளாகத் தெரியும்வரை அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். இயல்பான உச்சி வளைந்து இறங்கும். கிளிப் ஆனதில் அடுத்தடுத்த பல புள்ளிகள் ஒரே உயரத்தில் மேசைபோல் கிடக்கும், பக்கத்து உச்சிகளும் அதே உயரத்தில் நின்றுவிடும். பிறகு, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாறுங்கள். 'ஸ' போன்ற உரசொலி மேல் அதிர்வெண்கள்வரை பரவுவது இயல்பே. ஆனால் நீட்டி ஒலிக்கும் 'ஆ' போன்ற உயிரொலி, உரத்த கணங்களில் மட்டும் திடீரென உச்சிவரை பட்டையாக எழும்பினால், சிதைவு நேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஃபில்டர் போட்ட பின் தேடுவது

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டால் தட்டையான உச்சிகள் சாய்ந்துவிடும். எம்பி3 ஆக்கினால் நெளிந்துவிடும். சிதைவு அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறையும். ஆகவே, கை வைக்காத வேவ் கோப்பையே திறக்க வேண்டும்.

ஒரே விண்டோ அளவில் எல்லாவற்றையும் பார்ப்பது

மின்சார ஹம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கிடைக்கோடுகளாகத் தெரியும். அவை பிரிந்து தெரிய, ஸ்பெக்ட்ரோகிராம் ஒரு தடவையில் ஆராயும் சாம்பிள்களின் எண்ணிக்கையான விண்டோ அளவு 8192 வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் இடைவெளி தரும். ஆனால் அதே அளவில் 'டிக்' என்ற சொடுக்கொலி நேர அச்சில் கலைந்துபோகும். அதற்கு 512 அளவுக்கு இறங்கினால் மெல்லிய செங்குத்துக்கோடாக நிற்கும்.

பேச்சின் நடுவே இரைச்சலைத் தேடுவது

வேண்டாம். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பாருங்கள்.

கண்டதை நினைவில் வைத்துக்கொள்வது

அந்தப் பகுதியைத் தேர்ந்து `Ctrl+B` அழுத்தி, 'கிளிப்', 'ஹம்' என்று லேபிள் இடுங்கள்.