0.765 எங்கிருந்து வந்தது? லெவல் புத்தகத்தில் ஏற்ற இறக்கக் கணக்கு தவறும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தெருவின் மழைநீர் வடிகாலுக்கு லெவல் எடுத்திருந்தோம். கடலோரத் தரை, தாம்பாளம் போலத் தட்டை. வடிகாலுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவு கிடைத்தால் அதுவே பெரிது. அதாவது 100 மீட்டர் போனால் 10 சென்டிமீட்டர்தான் இறக்கம். இப்படிப்பட்ட ஊரில் லெவல் புத்தகத்தில் ஒரு வரி பிசகினால் தண்ணீர் தெருவிலேயே நிற்கும்.

அன்று மாலை கணக்குப் போட்ட பையன் புத்தகத்தைக் கொண்டுவந்து, "சார், ஏற்ற இறக்க வித்தியாசம் 0.770. கடைசி ஆர்.எல்.லில் முதல் ஆர்.எல்.லைக் கழித்தாலும் 0.770. கணக்கு ஒத்துப்போகிறது" என்றான். ஆர்.எல். என்பது ஒரு புள்ளிக்குக் கணக்கில் வரும் உயரம். கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரில் இருந்த, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கில் கிளம்பி அதற்கே திரும்பி வந்த வேலை அது. வேலை முடியும் நேரத்தில் அந்தச் சுவர் 77 சென்டிமீட்டர் வளர்ந்திருக்க முடியாது.

திருத்திய பிறகு அந்தப் பக்கம் இப்படி இருந்தது. கருவியை ஓரிடத்தில் நிறுத்தியதும் முதலில் படிப்பது பேக்சைட், அங்கிருந்து தூக்குமுன் கடைசியாகப் படிப்பது ஃபோர்சைட், இடையில் படிப்பவை இன்டர்சைட். 3, 6 இரண்டும் கருவியை இடம் மாற்றிய சேஞ்ச் பாயிண்டுகள்.

| புள்ளி | பேக்சைட் | இன்டர்சைட் | ஃபோர்சைட் | ஏற்றம் | இறக்கம் | ஆர்.எல். |
|---|---|---|---|---|---|---|
| பெஞ்ச் மார்க் | 1.425 | | | | | 3.250 |
| 1 | | 1.870 | | | 0.445 | 2.805 |
| 2 | | 1.635 | | 0.235 | | 3.040 |
| 3 | 1.215 | | 1.980 | | 0.345 | 2.695 |
| 4 | | 1.460 | | | 0.245 | 2.450 |
| 5 | | 1.105 | | 0.355 | | 2.805 |
| 6 | 1.760 | | 1.530 | | 0.425 | 2.380 |
| பெஞ்ச் மார்க் | | | 0.885 | 0.875 | | 3.255 |
| கூட்டல் | 4.400 | | 4.395 | 1.465 | 1.460 | |

பையன் வழுக்கியது 4ஆம் வரியில். 1.460ஐ அதற்கு முந்தைய 1.215உடன் ஒப்பிடாமல், பக்கத்தில் கண்ணில் பட்ட 1.980உடன் ஒப்பிட்டுவிட்டான். 0.245 இறக்கம் வரவேண்டிய இடத்தில் 0.520 ஏற்றம் வந்தது. அங்கிருந்து கீழே எல்லா ஆர்.எல்.லும் 0.765 தூக்கிக்கொண்டன.

சேஞ்ச் பாயிண்டில் ஸ்டாஃப் என்ற அளவுகோல் அசைவதில்லை. கருவிதான் இடம் மாறுகிறது. ஒரே புள்ளிக்கு, பழைய நிறுத்தத்திலிருந்து பார்த்தது ஃபோர்சைட், புதிய நிறுத்தத்திலிருந்து பார்த்தது பேக்சைட். ஒரே நிறுத்தத்தில் எடுத்த இரண்டு ரீடிங்குகளைத்தான் ஒன்றோடொன்று கழிக்க முடியும். அந்த வரிக்கு உள்ளே வரும்போது ஃபோர்சைட்டைப் பார்க்க வேண்டும், வெளியே போகும்போது பேக்சைட்டிலிருந்து கிளம்ப வேண்டும். நான் பழகிய காலத்தில், கருவி தூக்கிய ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் மெல்லிய கோடு இழுக்கச் சொல்வார்கள். கோட்டைத் தாண்டிக் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இரண்டு இடத்தில் 0.770 வந்ததே? சரிபார்ப்பில் மூன்று கழித்தல்கள் இருக்கின்றன: பேக்சைட் கூட்டலிலிருந்து ஃபோர்சைட் கூட்டல், ஏற்றத்தின் கூட்டலிலிருந்து இறக்கத்தின் கூட்டல், கடைசி ஆர்.எல்.லிலிருந்து முதல் ஆர்.எல். இதில் பின்னிரண்டும் ஒத்துப்போனால், ஆர்.எல். பத்தியில் கூட்டிக் கழித்தது சரி என்பது மட்டுமே நிச்சயம். தவறான ஏற்றத்தைச் சரியாகக் கூட்டினாலும் அவை ஒத்துத்தான் போகும். ரீடிங்கிலிருந்து ஏற்ற இறக்கம் சரியாகப் பிரிந்ததா என்பதைச் சொல்வது முதல் கழித்தல். பையன் அதைப் போடவே இல்லை. 4.400இல் 4.395 போனால் 0.005. மற்ற இரண்டும் 0.770 என்றால் இடைவெளி 0.765.

இந்த இடைவெளியை வைத்தே தவறைத் தேடலாம். பக்கம் முழுக்க மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு சேஞ்ச் பாயிண்டிலும் ஃபோர்சைட்டுக்கும் பேக்சைட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 6இல் அது 0.230, பொருந்தவில்லை. 3இல் 1.980இலிருந்து 1.215 போனால் 0.765. பிடிபட்டது. அப்படி எதுவும் அகப்படாவிட்டால் இடைவெளியைப் பாதியாக்கி, அந்த எண் ஏற்ற இறக்கப் பத்திகளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 5ஆம் வரியின் 0.355 ஏற்றத்தை இறக்கத்தில் எழுதியிருந்தால் இடைவெளி 0.710 வரும், அதில் பாதி 0.355. ரீடிங் குறைந்தால் தரை ஏறுகிறது என்பது தெரிந்தவர்கள்கூட மாலை ஐந்து மணிக்கு மேல் இதில் தவறுவார்கள்.

பக்கம் திருப்பும்போது நடக்கும் பிசகு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் கடைசி வரி இன்டர்சைட்டில் முடிந்தால், அந்த ரீடிங்கை அங்கே ஃபோர்சைட்டாக எழுதி, அதே எண்ணை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் பேக்சைட்டாக எழுதுவது வழக்கம். கருவி நகராவிட்டாலும் இப்படி எழுதினால்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சரிபார்க்க முடியும். கீழே எழுதிவிட்டு மேலே எழுத மறந்தால் அடுத்த பக்கத்தின் கூட்டல் ஒருநாளும் ஒக்காது.

எங்கள் பக்கத்தில் மூன்று கழித்தல்களும் 0.005 என்று ஒத்துவிட்டன. கணக்குப் பிழை இல்லை. ஆனாலும் 3.250இல் கிளம்பி 3.255இல் வந்து நிற்கிறோம். இந்த 5 மில்லிமீட்டர் களத்தில் நேர்ந்த மூடுபிழை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 0.005ஐப் பூஜ்யமாக்க ஏதாவது ஒரு ரீடிங்கை அழித்துத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். மூடுபிழைக்கு வரம்பு இருக்கிறது. நாங்கள் சுற்றி வந்த தூரம் 0.4 கிலோமீட்டர். தூரத்தின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கும் கண்டிப்பான வரம்பை வைத்தாலும் 7.6 மில்லிமீட்டர் வரை விடலாம். 5 அதற்குள் அடங்குகிறது. மூன்று நிறுத்தங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, 3இல் 2 மில்லிமீட்டர், 6இல் 3, கடைசியில் 5 என்று ஆர்.எல்.லைக் குறைத்துத் தனிப் பத்தியில் எழுதினோம். ரீடிங்கைத் தொடவில்லை.

எல்லாம் ஒத்த பிறகும் ஒரு தவறு ஒளிந்திருக்கலாம் என்பது பல வருடங்களுக்கு முன் என் கையிலேயே நடந்தது. ஒரு இன்டர்சைட்டை, 1.870 என்று ஸ்டாஃப் காட்டியதை, 1.780 என்று எழுதிவிட்டேன். இதே அட்டவணையின் 1ஆம் வரியில் அது நடந்ததாக வைத்துப் பார்க்கலாம். இறக்கம் 0.445க்குப் பதில் 0.355 ஆகும், அடுத்த வரியின் 0.235 ஏற்றம் 0.145 ஆகும். இரண்டு கூட்டலிலும் ஒரே அளவு குறைவதால் வித்தியாசம் மாறாது. 2ஆம் புள்ளியின் ஆர்.எல். பழையபடி 3.040. மூன்று கழித்தல்களும் ஒக்கும், மூடுபிழையும் அதே 5 மில்லிமீட்டர். 1ஆம் புள்ளி மட்டும் 9 சென்டிமீட்டர் உயரத்தில் பொய்யாக நிற்கும். ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் அது 90 மீட்டர் வடிகாலின் மொத்த இறக்கம். ஃபோர்சைட்டில் இதே தவறு நேர்ந்திருந்தால் மூடுபிழை காட்டிக்கொடுத்திருக்கும். இன்டர்சைட்டைக் காவல் காக்க யாருமில்லை.

அதனால் வடிகாலின் அடிமட்டம், கல்வெர்ட்டின் வாய் போன்ற முக்கியமான புள்ளிகளில், கருவியின் தொலைநோக்கியில் தெரியும் நடுக் கம்பியோடு மேல், கீழ் கம்பிகளையும் படித்து எழுதிக்கொள்கிறேன். மேலே 1.955, கீழே 1.785 என்றால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.870. நடுக் கம்பிக்கு 1.780 என்று எழுதியிருந்தால், ஸ்டாஃப் பிடிப்பவர் அடுத்த புள்ளிக்கு நகர்வதற்குள் அது தெரிந்துவிடும்.