48 மணி என்று விடை வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்: குழாய்–தொட்டிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் குரூப் 4-க்கும் ரயில்வே தேர்வுக்கும் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். குழாய்–தொட்டிக் கணக்கு அவர்களுக்குப் புதிதல்ல. நிரப்பும் குழாய்க்குக் கூட்டல் குறி, காலி செய்யும் குழாய்க்குக் கழித்தல் குறி என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் குழாய்களை மாற்றி மாற்றித் திறக்கும் கேள்வி வந்தால் மார்க் போய்விடுகிறது.

ஒரு மாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் போட்டால் 6 மணி நேரத்தில் நிறையும். அடிக்குழாயைத் திறந்துவிட்டால் நிறைந்த தொட்டி 8 மணி நேரத்தில் காலியாகும். இங்கே 8-லிருந்து 6-ஐக் கழிக்கக் கூடாது. நேரத்தைக் கழித்துப் பயனில்லை, ஒரு மணி நேர வேலையைத்தான் கழிக்க வேண்டும். 6, 8 இரண்டுக்கும் மீ.சி.ம. 24. ஆகவே தொட்டி 24 குடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மணிக்கு +4 குடம், அடிக்குழாய் மணிக்கு −3 குடம். இரண்டும் சேர்ந்து ஓடினால் மணிக்கு ஒரு குடம் நிற்கும். தொட்டி நிறைய 24 மணி நேரம்.

இப்போது கேள்வியை மாற்றுவோம். காலித் தொட்டி. முதல் மணி மோட்டார், அடுத்த மணி அடிக்குழாய், இப்படியே மாறி மாறி. எப்போது நிறையும்?

"அண்ணா, ரெண்டு மணிக்கு ஒரு குடம். 24 குடத்துக்கு 48 மணி, அவ்ளோதானே?" என்று கேட்பார்கள். குறி சரி, கூட்டலும் சரி, விடைதான் தப்பு. 48 மணிக்கு முன்பே தொட்டி ஒருமுறை நிறைந்துவிடுகிறது. நிறைவது எப்போதும் மோட்டார் ஓடும் மணியில்தான். ஆகவே கடைசி மோட்டார் மணிக்கு 4 குடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் 20 குடம், அதற்கு 20 சுற்று, அதாவது 40 மணி. 41-ஆவது மணியில் மோட்டார் 4 குடம் ஊற்ற, தொட்டி நிறைகிறது. ஒரு சுற்று குறைத்துப் பார்த்தாலும் சந்தேகம் தீரும்: 19 குடத்தோடு 4 சேர்ந்தால் 23தான், நிறையவில்லை. விடை 41 மணி.

அடிக்குழாயை முதலில் திறந்தால்? இங்கே குறியை மட்டும் நம்புகிறவர்கள் −3-இல் தொடங்கி மறுபடியும் 48-க்கே வந்து நிற்பார்கள். காலித் தொட்டியிலிருந்து மூன்று குடம் எப்படி வெளியே போகும்? கழித்தல் குறிக்கு வேலை தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது மட்டுமே. முதல் மணியில் எதுவும் நடக்காது, அந்த ஒரு மணி வீண். பிறகு மோட்டாரில் தொடங்கும் அதே 41 மணி. மொத்தம் 42. அதனால் இந்த மாதிரிக் கேள்வியில் குறி போடுவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: எந்தக் குழாய் முதலில் திறக்கிறது, அப்போது தொட்டியில் என்ன இருக்கிறது.