ஒரே ஒரு விளக்கு எரியும் இரவுச் சடங்கைப் போனில் எடுப்பது எப்படி: புள்ளியும் இல்லாமல், ஆட்டமும் இல்லாமல்

விளக்கு மட்டும் எரியும் இடத்தில் போனில் வீடியோ எடுத்தால் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே வருகின்றன. இருட்டான பகுதி முழுக்கப் புள்ளிகள் கொதிக்கின்றன, அதோடு படமும் நடுங்குகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெளிச்சம் போதாதபோது போன் ISO-வை ஏற்றிக் கிடைத்ததைப் பெருக்குகிறது. புள்ளிகளும் கூடவே பெருகுகின்றன. ஷட்டரையும் நீட்டுகிறது, அந்த நேரத்தில் கை அசைந்தால் அசைவு கோடாக இழுபடுகிறது. இந்த முடிவுகளைப் போனிடமிருந்து வாங்கி நாமே எடுப்பதுதான் இங்கே வேலை.

1. செயலி

ஷட்டர், ISO, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் தனித்தனியாகப் பூட்ட முடிந்தால் எந்தச் செயலியும் போதும். என் தேர்வு Blackmagic Camera. இலவசம், ஐபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கிறது. உங்கள் போன் கேமராவிலேயே Pro Video என்ற முறை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்கான நைட் மோடை நம்பி வராதீர்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் வித்தை. அசையும் வீடியோவில் அப்படியே செய்ய முடியாது.

2. லென்ஸ்

எப்போதும் 1x. ஜூம் வேண்டாம், அகலக் கோண லென்ஸும் வேண்டாம். பெரும்பாலான போன்களில் பெரிய சென்சாரும் அகலத் துளையும் முதன்மைக் கேமராவில்தான் இருக்கின்றன. ஜூம் பொத்தானை அழுத்தினாலும், இருட்டில் பல போன்கள் முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். முகம் பெரிதாக வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு அருகில் உட்காருங்கள்.

லென்ஸைத் துடைக்க மறக்கக் கூடாது. விரல் எண்ணெய் லேசாகப் பட்டிருந்தாலும் சுடரைச் சுற்றிப் புகை மண்டலம் போலத் தெரியும்.

3. எக்ஸ்போஷர்: என்னை வெகுநாள் படுத்திய இடம்

விளக்கு நடுவில் இருக்கிறது, முகம் அரையிருட்டில் இருக்கிறது, சுவர் கறுப்பு. போனைத் தானியங்கியில் விட்டால் கறுப்புச் சுவரைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைக்கும். சுடர் அசைந்தால் வெளிச்சம் ஏறி இறங்கும். சுடரைத் தொட்டுப் பூட்டினால் முகமே காணாமல் போகும்.

விளக்குக்கு அருகில் உள்ள தோலை, அதாவது கையையோ கன்னத்தையோ பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். பகல் படத்தில் இருப்பதைவிட அது இருண்டே இருக்கட்டும். சுடரின் நடுப்பகுதி வெள்ளையாக வெந்துபோகும். விட்டுவிடுங்கள், சுடர் அப்படித்தான் இருக்கும். சுவரும் கறுப்பாகவே இருக்கட்டும். புள்ளிகள் அசிங்கமாகத் தெரிவது நாம் வலிந்து வெளிச்சமாக்கிய இருட்டில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய் விளக்கு ஒன்று, சடங்கு செய்பவர் அதிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நொடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/48 என்று வைத்தால், முகம் தெரிய ISO 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போனின் சிறிய சென்சாருக்கு இது அதிகம். ஷட்டரை 1/24 ஆக்கினால் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது, ISO 1600 போதும். அடுத்து விளக்கை 60 செ.மீ.-லிருந்து 40 செ.மீ.-க்கு நகர்த்தச் சொல்லுங்கள். தூரம் ஒன்றரை மடங்கு குறைந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு கூடும். ISO 800-க்கும் கீழே வந்துவிடலாம். எந்த மென்பொருளும் தராத முன்னேற்றம் இது.

விளக்கை நகர்த்தக் கூடாத சடங்கு என்றால், அதே வகை விளக்கு இன்னொன்றைக் காட்சிக்கு வெளியே, முகத்தின் பக்கவாட்டில் வைக்க அனுமதி கேளுங்கள். போன் டார்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். முகம் தட்டையாகும், நீல வெள்ளையும் மஞ்சளும் கலந்து தோல் நிறம் கெட்டுவிடும்.

1/24-க்கு ஒரு விலை உண்டு: வேகமான கையசைவு இழுபடும். சடங்கின் அசைவுகள் மெதுவாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. சுடரைச் சுழற்றும் கட்டம் வந்தால் 1/48-க்குப் போய்விடுங்கள். சுடரே முதன்மையாக இருக்கும் காட்சி என்பதால் ISO-வையும் ஏற்ற வேண்டியிருக்காது.

இன்னொன்று. இருட்டில் கண் பழகிவிடுவதால் போன் திரை உண்மையைவிடப் பளிச்சென்று தெரியும். சரியாக இருப்பதாக நினைத்து எடுத்ததை மறுநாள் பகலில் பார்த்தால் கறுப்பாக இருக்கும். திரை வெளிச்சத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு, படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். திரையைக் குறைப்பது பக்கத்தில் வழிபடுபவர்களுக்கும் நல்லது.

4. ஒயிட் பேலன்ஸ்

இதைப் புள்ளிகளோடு பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. விளக்குச் சுடரின் நிறம் ஏறத்தாழ 1900 கெல்வின். அதில் நீலம் மிகக் குறைவு. தானியங்கி அதை வெள்ளையாக்க நீலச் சேனலை மட்டும் பலமாகப் பெருக்கும். நிழலில் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள் துள்ளுவது பெரும்பாலும் இதனால்தான். 3000 கெல்வின் அருகில் பூட்டிவிடுங்கள். படம் மஞ்சளாக இருக்கும், நேரில் பார்த்ததும் அப்படித்தானே!

5. ஆட்டம்

மின்னணு நிலைப்படுத்தல் இருட்டில் உதவாது. பிரேமை நகர்த்தி நேராக்கும், ஆனால் பிரேமுக்குள்ளேயே பதிந்த மங்கலை எடுக்க அதனால் முடியாது. படம் நின்றபடியே துடிப்பது போலத் தெரியும். ஆகவே ஸ்டாண்ட்தான் வழி. உயரமான மெல்லிய ஸ்டாண்டைவிட முழங்கால் உயரத்துக்குள் நிற்கும் கனமான சிறு ஸ்டாண்ட் எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்து செய்யும் சடங்குக்குக் கோணமும் பொருந்தும். போனை ஸ்டாண்டில் வைத்ததும் மின்னணு நிலைப்படுத்தலை அணைத்துவிடுங்கள். பதிவைத் தொடங்க திரையைத் தொடாமல் புளூடூத் ரிமோட்டை அழுத்துங்கள்.

ஸ்டாண்ட் அனுமதிக்காத இடத்தில் தூணிலோ சுவரிலோ முதுகைச் சாய்த்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, போனை இரு கைகளாலும் பிடியுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போது போனைத் திருப்பாதீர்கள். ஒரு கோணத்தில் 20 நொடி எடுத்து நிறுத்தி, அடுத்த கோணத்துக்குப் போங்கள்.

6. ஃபோகஸ்

புகை எழுந்தாலே தானியங்கி ஃபோகஸ் அலையும். முகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாதாரண ஐபோன் கேமரா மட்டுமே இருந்தால் அதே இடத்தை AE/AF LOCK வரும்வரை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

சேர்க்கை 1: படத்தில் பச்சைப் புள்ளி ஒன்று மிதக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது சுடரின் பிரதிபலிப்பு. பிரேமின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விழும்: சுடர் இடது மேலே இருந்தால் புள்ளி வலது கீழே. முகத்தில் விழுந்தால் போனைச் சற்றுத் திருப்பி வேறு பொருளின் மேல் தள்ளுங்கள். சுடரைச் சரியாக நடுவில் வைத்தால் புள்ளி சுடருக்குள்ளேயே மறைந்துவிடும்.

சேர்க்கை 2: விளக்கு மட்டும்தான், ஆனாலும் படத்தில் பட்டைகள் ஓடுகின்றன என்றால் அடுத்த அறையின் மின்விளக்கு எட்டிப் பார்க்கிறது. அதை அணைக்க முடியாவிட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் நொடிக்கு 25 பிரேமும் 1/25 அல்லது 1/50 ஷட்டரும் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 பிரேமும் 1/30 அல்லது 1/60-உம்.