‘மூச்சை’ என்று ஆரம்பிக்காதீர்கள்: யோகா வகுப்பில் வாயால் நடத்தும் முறை

முதல் தடவை வகுப்பு எடுத்தபோது நான் சொன்ன வாக்கியம் இது: “மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மேலே உயர்த்துங்கள்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து போனில் பதிவு செய்ததைப் போட்டு நேரம் பார்த்தால், அந்த ஒரு வாக்கியத்துக்கே கிட்டத்தட்ட 6 நொடி ஆகியிருந்தது. எதிரே நின்றவர்களுக்கோ மூச்சு 3 நொடியில் நிரம்பிவிடும். நான் ‘உயர்த்துங்கள்’ என்று முடிக்கும்போது பாதிப் பேர் மூச்சை விட ஆரம்பித்துவிட்டார்கள், மீதிப் பேர் நிரம்பிய நெஞ்சோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், தகராறே அங்கேதான். ‘மூச்சை’ என்றதும் கேட்பவருக்கு இழுக்கவா விடவா என்று தெரியாது. ‘மூச்சை மெதுவாக’ என்றாலும் தெரியாது. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்பும் என்று காத்திருக்கிற அந்த இரண்டு நொடியில் அவருடைய மூச்சு தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. இதைச் சரிசெய்யத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

பூனை நீட்சியையே எடுத்துக்கொள்வோம். மார்ஜாரி ஆசனம் என்பார்கள், கை கால் நான்கையும் தரையில் ஊன்றி முதுகை வளைத்து வளைத்து விடுவது. இரண்டே அசைவு, இரண்டே மூச்சு என்பதால் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறவர் வாயைப் பழக்க இதைவிட நல்ல ஆசனம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மூச்சைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்

எல்லோரையும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே, இரண்டு முட்டிக்கும் நடுவே இடுப்பகல இடைவெளி, விரல்கள் விரிந்திருக்கட்டும். இதைச் சொல்லும்போது முழு வாக்கியமாகவே பேசலாம், அவசரமில்லை. மணிக்கட்டு வலிக்கும் என்பவர்களை முஷ்டி மடக்கி ஊன்றச் சொல்லுங்கள். முட்டி உறுத்தினால் விரிப்பை இரண்டாக மடித்துப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். நெஞ்சை முன்னால் தள்ளி வயிறைத் தொங்க விடுவது ஒரு அசைவு, முதுகை மேலே குவித்து முகவாயை நெஞ்சுப் பக்கம் கொண்டுவருவது இன்னொன்று. அவர்களையும் மூச்சைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு முறை செய்யவிடுங்கள். கழுத்தை மட்டும் பின்னால் முறித்துவிட்டு முதுகை அசைக்காமல் இருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே கண்ணில் படுவார்கள், அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், மூச்சு ஓட ஆரம்பித்த பிறகு ஒருவரைத் திருத்தப் போனால் மற்றவர்கள் நிலைமை என்னாகும் என்று கீழே சொல்கிறேன்.

மூச்சுச் சொல் முன்னால், உடம்பு பின்னால்

இப்போது வாக்கியத்தை உடையுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்:

“உள்ளே… நெஞ்சு முன்னால்.”

“வெளியே… முதுகு மேலே.”

வினைச்சொல்லே கிடையாது. ‘உள்ளே’ என்ற முதல் எழுத்திலேயே எந்த மூச்சு என்று தெரிந்துவிடுகிறது, அடுத்து எந்த உறுப்பு, எந்தப் பக்கம், அவ்வளவுதான். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று எனக்கும் முதலில் தயக்கமாக இருந்தது. நிதானமான குரலில் சொன்னால் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை.

‘இழுங்கள்’, ‘விடுங்கள்’ என்று சொல்லக்கூடாதா என்றால், சொல்லலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ‘விடுங்கள்’ என்றதும் தூக்கிய கையைத் தொப்பென்று கீழே போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘மூச்சை எடுங்கள்’ என்பதும் அப்படித்தான், ஊன்றிய கையை எடுக்கச் சொல்கிறேன் என்று ஒருவர் எடுத்தே விட்டார். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, மூச்சுக்கு வைத்த சொல்லை உடம்புக்குப் பயன்படுத்தாதீர்கள். ‘உள்ளே, வெளியே’ ஜோடியிலும் ஒரு பொறி இருக்கிறது. முதுகைக் குவிக்கும்போது “வெளியே… வயிறு உள்ளே” என்று வாயில் தானாக வந்துவிடும், கடைசியாகக் காதில் விழுந்த ‘உள்ளே’யைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் மூச்சை இழுப்பார்கள். அதனால்தான் நான் வயிறை விட்டுவிட்டு ‘முதுகு மேலே’ என்கிறேன். வயிறையும் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘வயிறு ஒட்டட்டும்’ என்று சொல்லுங்கள்.

எந்த அசைவுக்கு எந்த மூச்சு என்பதில் குழம்ப வேண்டாம். நெஞ்சு விரிகிற அசைவுக்கு உள்மூச்சு, ஏனென்றால் விலா எலும்புகள் அப்போது விரியத்தான் செய்கின்றன. உடம்பு மடங்கும்போது நுரையீரலுக்கு இடம் குறைகிறது, அதனால் வெளிமூச்சு.

எப்போது சொல்வது

மூச்சு ஆரம்பித்த பிறகு சொன்னால் தாமதம்தான். முந்தைய மூச்சு முடியப் போகிற கடைசி நொடியில் ‘உள்ளே’ என்ற சொல் வந்துவிட வேண்டும். மூச்சு தொடங்கிய முதல் நொடியில் ‘நெஞ்சு முன்னால்’. அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். மீதி நேரம் அவர்கள் அசைவதற்கு.

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமாராக 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார், அதாவது உள்ளும் வெளியுமாகச் சேர்த்தே 3 முதல் 5 நொடிதான். புதியவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே 5 நொடி இழு, 5 நொடி விடு என்றால் அவர்களால் முடியாது, பாதியில் ஒரு திருட்டு மூச்சு எடுப்பார்கள். நான் 3 நொடி உள்ளே, 3 நொடி வெளியே என்று தொடங்குவேன். மூன்று சுற்று போனதும் வெளிமூச்சை மட்டும் 4 நொடியாக நீட்டுவேன்.

நொடியைப் பிடிக்க, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, காதில் மாட்டிக்கொண்டு வீட்டில் பழகுங்கள். வகுப்பில் சத்தமாக எண்ணுவது எனக்குப் பிடிக்காது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணும்போது நமக்கே தெரியாமல் வேகம் ஏறுகிறது, எதிரே இருப்பவர்கள் மூச்சை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துகிறார்கள்.

ஆறு சுற்று

ஒரே ஆசனத்தை ஆறு முறை செய்யும்போது ஆறு முறையும் அதே அளவு பேசக்கூடாது. வகுப்பில் இது எப்படி ஓடும் என்றால், முதல் இரண்டு சுற்றுக்கு “உள்ளே… நெஞ்சு முன்னால். வெளியே… முதுகு மேலே.” மூன்றாவதில் ஒரே ஒரு திருத்தம் சேர்ப்பேன், அதுவும் மூச்சுச் சொல்லுக்குப் பிறகு: “உள்ளே… நெஞ்சு முன்னால், தோள் காதை விட்டு விலகட்டும்.” நான்காவதில் உறுப்பின் பெயர் போய்விடும், “உள்ளே…”, “வெளியே…” மட்டும், இங்கேதான் வெளிமூச்சை 4 நொடிக்கு நீட்டுகிறேன். ஐந்தாவதுக்கு முன் “அடுத்த இரண்டும் உங்கள் மூச்சில்” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். ஐந்தும் ஆறும் மௌனம். அந்த மௌனத்தில் முதுகுகளைப் பார்த்தால் யாருக்குப் பிடிபட்டது, யார் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்கிறார் என்று பளிச்சென்று தெரியும்.

ஒரு விஷயம். பேசுவது என்பதே மூச்சை வெளியே விடுவதுதான், ஆகவே ‘உள்ளே’ என்று சொல்கிற நேரத்தில் உங்களால் உள்ளே இழுக்க முடியாது. கூடவே ஆசனமும் செய்துகொண்டு பேசினால் மூன்றாவது சுற்றில் உங்களுக்கு இரைக்கும், இரைப்பு வந்தால் சொற்கள் ஓடும், சொற்கள் ஓடினால் வகுப்பே ஓடும். செய்து காட்டி முடித்ததும் எழுந்து நின்றுவிடுங்கள். உங்கள் மூச்சை அந்த இரண்டு நொடி மௌனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிசகினால்

ஒரு நாள் “உள்ளே… நெஞ்சு முன்னால்” என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் ஒருவருக்கு முழங்கை பூட்டிக்கொண்டிருந்ததைச் சரிசெய்யப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா முகம் சிவந்து, “மாஸ்டர், விடச் சொல்லவே இல்லையே, பிடிச்சுக்கிட்டே இருக்கேன்” என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. புதியவர்கள் நாம் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள், ‘உள்ளே’ என்று சொன்னவர் ‘வெளியே’ சொல்லும்வரை வேறு எங்கும் போகக்கூடாது. ஒருவரைத் திருத்த வேண்டுமா, முதலில் எல்லோரையும் “உங்கள் மூச்சில் தொடருங்கள்” என்று விட்டுவிட்டுப் போங்கள். அன்றிலிருந்து வகுப்பின் தொடக்கத்திலேயே “நான் மறந்தால் நீங்களாகவே மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்” என்றும் சொல்லிவிடுகிறேன்.

வேகம் பிசகினதை முதுகுகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். எல்லோரும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, ஒவ்வொருவர் மூச்சும் ஒவ்வொரு அளவு. ஆனால் பாதி முதுகு மேலேயும் பாதி முதுகு கீழேயும் இருந்தால் உங்கள் சொல் தாமதமாக வருகிறது என்று அர்த்தம். அப்போது வேகமாகச் சொல்லிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். “முதுகு நேராக. இரண்டு மூச்சு சும்மா.” காத்திருங்கள். அப்புறம் “எல்லோரும் ஒருமுறை முழுதாக வெளியே…” என்று வெளிமூச்சிலிருந்து சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். காலியான நுரையீரலோடு இருப்பவர்களுக்கு அடுத்தது உள்மூச்சு என்பதில் சந்தேகமே வராது.

இன்னொரு பிசகு நம் வாயிலிருந்து வருவது: ‘ஆழமாக, இன்னும் ஆழமாக’. இதைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் தேவைக்கு மேல் காற்றை வாரி இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்த மாதிரி குறுகுறுக்கும். யாராவது அப்படிச் சொன்னால் உட்காரவைத்து, வழக்கமான மூச்சுக்கு விட்டுவிடுங்கள், பொதுவாகக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றாலோ, நெஞ்சு வலி என்றாலோ வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான். நான் ‘ஆழமாக’வை விட்டுவிட்டு ‘சத்தமில்லாமல்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். சத்தமில்லாமல் இழுக்கப் பார்ப்பவர் தானாகவே மெதுவாகத்தான் இழுக்கிறார்.

வகுப்புக்குப் போகும் முன் இந்த ஆறு சுற்றையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுநாள் அதை ஓடவிட்டு, உங்கள் குரல் சொல்வதை மட்டும் கேட்டு, ஆசனம் தெரியாதவர் மாதிரி நீங்களே செய்து பாருங்கள். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அந்த இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள்.